மின்தடைக்குப் பின் ext4 மீண்டதும் பென்டிரைவ் தடுமாறியதும்: ஓர் அனுபவப் பகிர்வு

நீர்மட்டம்
நீர்த்தொட்டியின் மட்டத்தை நிமிடத்திற்கு ஒருமுறை பதிவு செய்யும் ராஸ்பெர்ரி பை ஒன்றைப் பராமரித்து வருகிறேன். இயங்குதளம் அட்டையில் ext4 பகுதியில் இருக்கிறது. அலுவலகத்தார் விண்டோஸ் கணினியில் திறந்து பார்க்க வேண்டும் என்பதால் அளவீடுகள் FAT32 பென்டிரைவில் நாளுக்கொரு கோப்பாகச் சேர்கின்றன. மின்சாரம் திடீரென்று போய்த் திரும்பினால் `dmesg` இப்படிக் காட்டுகிறது:

```
EXT4-fs (mmcblk0p2): recovery complete
FAT-fs (sda1): Volume was not properly unmounted. Some data may be corrupt. Please run fsck.
```

ஒருமுறை அன்றைய கோப்பு 0 பைட் என்று நின்றது. `fsck.vfat -a /dev/sda1` ஓட்டியபின் FSCK0000.REC என்றொரு கோப்பு முளைத்தது. காணாமற்போன அளவீடுகள் அதற்குள் இருந்தன. ஒரே நொடியில் மின்சாரம் இழந்த இரண்டில் ஒன்று மட்டும் எப்படித் தானே மீண்டது?

பழைய வட்டு
ஜர்னல் உள்ள கோப்பு முறைமை எழுதுவதையெல்லாம் முதலில் ஜர்னலில் எழுதிக்கொள்ளும். ஆகவே ext4-இல் எதுவும் தொலையாது. ஆனால் FAT-இலும் ஒதுக்கீட்டு அட்டவணைக்கு இரண்டு நகல்கள் உண்டே, ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்க வேண்டாமா?

கர்னல் வாசகர்
ஐயா, ஜர்னலில் முதலில் எழுதப்படுகிறது என்பது சரி, ஆனால் எல்லாமும் அல்ல. நகல்களைப் பொறுத்தவரை, இரண்டும் அடுத்தடுத்து எழுதப்படுவதால், நடுவே மின்சாரம் போய் அவை வேறுபட்டு நின்றால் எது சரி என்று சொல்ல வட்டில் எந்தச் சான்றும் இருப்பதில்லை.

நீர்மட்டம் அவர்களின் கோப்பையே எடுத்துக்கொள்வோம். புதுக் கோப்பில் முதல் அளவீடு சேரும்போது தரவு ஒரு கிளஸ்டரில் எழுதப்பட வேண்டும், அந்தக் கிளஸ்டர் பயன்பாட்டில் உள்ளது என்று அட்டவணையில் குறிக்கப்பட வேண்டும், கோப்பகப் பதிவில் தொடக்கக் கிளஸ்டரும் கோப்பின் அளவும் ஏற வேண்டும். இவை வட்டின் வெவ்வேறு இடங்கள். முதல் இரண்டும் முடிந்து மூன்றாவது நிகழாததால்தான் பெயர் 0 பைட்டாகவும் தரவு உரிமையாளர் அற்றதாகவும் நின்றன. இது உண்மையில் நல்ல விளைவு. கோப்பகப் பதிவு ஏறி அட்டவணை ஏறாமல் போயிருந்தால், அந்தக் கிளஸ்டர் காலியாகத் தோன்றி, பின்னொரு நாள் வேறொரு கோப்புக்கும் வழங்கப்பட்டு, இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று அழித்திருக்கும். அதை நெடுநாள் கழித்தே கவனித்திருப்பீர்கள்.

ext4-இல் ஒன்றோடொன்று தொடர்புடைய இந்த மாற்றங்கள் ஒரே தொகுப்பாக முதலில் ஜர்னலில் எழுதப்பட்டு, இறுதியில் 'முடிந்தது' என்னும் முத்திரைத் தொகுதி வைக்கப்பட்ட பிறகே அவற்றின் சொந்த இடங்களுக்குப் போகின்றன. மீண்டும் இயங்கும்போது முத்திரை உள்ள தொகுப்புகள் திரும்பச் செய்யப்படும், இல்லாதவை கைவிடப்படும். நீங்கள் கண்ட முதல் வரி அதுதான். ஜர்னலை மட்டும் படித்தால் போதும் என்பதால் வட்டு எவ்வளவு பெரிதானாலும் இது விரைவில் முடிகிறது.

ஆயினும் இயல்புநிலையான `data=ordered` முறையில் கோப்பின் உள்ளடக்கம் ஜர்னலுக்குள் போவதில்லை. அது தன் இடத்தில் எழுதப்பட்ட பிறகே முத்திரை விழும் என்பது மட்டுமே உறுதி. எனவே கடைசி அரை நிமிட அளவீடுகள் நினைவகத்திலேயே இருந்து மறைந்து போகலாம். கட்டமைப்பு குலையாது என்பதே ஜர்னலின் வாக்கு. ஒவ்வொரு வரியும் தப்ப வேண்டுமானால் நிரல் `fsync` அழைக்க வேண்டும்.

நிழற்படம்
என் கேமரா அட்டையிலும் படம் எடுக்கும்போதே மின்கலம் தீர்ந்து ஒரு நிகழ்ச்சியின் படங்கள் போய்விட்டன. அட்டையை ext4 ஆக மாற்றிக்கொள்ளலாமா?

கர்னல் வாசகர்
கேமரா அதைப் படிக்காது. அதில் இருப்பது பெரும்பாலும் exFAT. அதிலும் ஜர்னல் இல்லை. அட்டையில் மேலும் எதையும் எழுதாமல் மீட்பு மென்பொருளில் படித்துப் பாருங்கள்.

பழுதுநீக்கம்
ஒரு மாற்றுக் கருத்து. மலிவான அட்டைகள் சிலவற்றில், மின்சாரம் போன நேரத்தில் எழுதப்படாத கோப்புகளும் கெட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அட்டைக்குள் உள்ள கட்டுப்படுத்தி தரவை இடம் மாற்றிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், ஜர்னல் இருந்த பகுதியே சிதையலாம். அது 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொன்னால் ext4 என்ன செய்யும்?

கர்னல் வாசகர்
ஒன்றும் செய்ய இயலாது. முத்திரைக்கு முந்தியவை உண்மையிலேயே வட்டில் இறங்கின என்ற நம்பிக்கையின் மேல்தான் முழு முறையும் நிற்கிறது. எந்த அட்டை நேர்மையானது என்பதை வெளியிலிருந்து உறுதியாக அறியும் எளிய வழி எனக்குத் தென்படவில்லை.

நீர்மட்டம்
அப்படியானால் அளவீடுகளை ext4 பகுதியில் `fsync` உடன் எழுதி, நாள் முடிந்ததும் பென்டிரைவுக்கு நகலெடுத்து, உடனே அதை அன்மவுன்ட் செய்யுமாறு மாற்றுகிறேன். நிமிடத்திற்கு ஒரு `fsync` அட்டையின் ஆயுளை எவ்வளவு குறைக்கும் என்பதை யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?