5.4 செ.மீ. ரத்தக்கசிவுக் கட்டி: மறு ஸ்கேன் வரை காத்திருக்கலாமா?

தங்கைக்கு 27 வயசு, ஏற்காட்டில் இருக்கிறாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. வலப்பக்க அடிவயிறு வலித்ததால், சுழற்சியின் 22ஆம் நாள் சேலத்தில் ஸ்கேன் எடுத்தோம். வலது சினைப்பையில் 5.4 செ.மீ. கட்டி, உள்ளே வலை பின்னியது போல மெல்லிய கோடுகள், ரத்த ஓட்டம் இல்லை, ரத்தக்கசிவுக் கட்டியாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். இடது சினைப்பை 11 மி.லி., ‘பாலிசிஸ்டிக் தோற்றம்’.

முகத்தில் முடியோ அதிகப் பருவோ இல்லை. தோற்றம் மட்டுமே பிசிஓஎஸ் ஆகிவிடாது என்பதால் இடதுபக்கம் பெரிய கவலையில்லை. வலதுதான் கவலை. வலி மாத்திரையில் அடங்கிவிட்டது. ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி என்கிறார், இன்னொருவர் மூன்று மாதம் கருத்தடை மாத்திரை தந்திருக்கிறார். அது புதுக் கட்டி வராமல் தடுக்கலாம், இருக்கும் கட்டியைக் கரைக்காதே. திடீரென வலி கூடி வாந்தி வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், மலையிறங்க நேரமாகும் என்பதும் மனதில் இருக்கிறது.

எட்டு வாரம் கழித்து, மாதவிலக்கு முடிந்த கையோடு மறு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது சரியா?