தண்ணீர் இருக்கு, ஆனாலும் தக்காளி ரெண்டே நாளில் தொங்கிப்போச்சு

மொட்டைமாடி_வேளச்சேரி:
12 இன்ச் க்ரோ பேக்கில் நாட்டுத் தக்காளி, நட்டு ஐம்பது நாள் ஆச்சு. முதல் கொத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் காய் பிடிச்சிருக்கு. திங்கள் மதியம் நுனி மட்டும் தொங்கிச்சு, சாயங்காலம் தானா நிமிர்ந்துடுச்சு. வெயில்னு நினைச்சு ஒரு சொம்பு ஊத்தினேன். செவ்வாய் சாயங்காலம் நிமிரவே இல்லை. இன்னைக்கு முழுச் செடியும் துவண்டு கிடக்கு. இலை மஞ்சளாகலை, பச்சையாவே இருக்கு. விரலை ரெண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தேன், மண் நல்ல ஈரம். போன வாரம் ராத்திரியெல்லாம் மழை, பகலில் கொளுத்துற வெயில். நான் அதிகமா ஊத்தினதுதான் காரணமா?

பால்கனிச்செடி:
தண்ணீர் ஜாஸ்திதான் அக்கா. வேர் மூச்சு முட்டி அழுகியிருக்கும். நாலு நாள் ஊத்தாதீங்க, ட்ரைக்கோடெர்மா கலந்து விடுங்க. எனக்கு இப்படித்தான் பிழைச்சுது.

மிளகாய்ப்பிரியை:
என் மிளகாய்ச் செடியிலும் இலையெல்லாம் சுருண்டு குட்டையா நிக்குது. வேப்பெண்ணெய் அடிச்சும் போகலை. இதே நோய்தானா?

செம்மண்_காரர்:
மிளகாய்க்கு வந்தது வேற அம்மா. இலை சுருண்டாலும் விறைப்பாத்தான் இருக்கும், துவளாது. இலைக்கு அடியில் பேன், வெள்ளை ஈ இருக்கான்னு பாருங்க.

தக்காளிக்கு வருவோம். பால்கனிச்செடி சொல்றதில் பாதி சரி. தண்ணீர் தேங்கினாலும் வெயில் நாளில் பச்சையாவே துவளும், அதனால் இலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பையைச் சாய்ச்சு ஓரத்து வேர் ஒன்றை விரலால் உருவிப் பாருங்க. அழுகல்னா வேர் பழுப்பா, புளிச்ச வாடையோட இருக்கும். தோல் கழன்று கையோட வரும், நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். வேர் பெரும்பாலும் வெள்ளையா, உறுதியா இருந்தும் செடி துவண்டால் எனக்குப் பாக்டீரியா வாடல் மேல்தான் சந்தேகம். மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

உறுதி செய்ய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். இந்தச் செடி எப்படியும் தேறாது போலிருக்கு, அதனால் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டுங்க. அதில் விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, அடி முனை மட்டும் தெளிந்த தண்ணீரில் தொடும்படி பிடிச்சிருங்க. கையை ஆட்டாதீங்க. ஐந்து நிமிஷத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் அதுதான். ஒன்றும் இறங்கலைன்னா இன்னும் கீழே வெட்டி ஒரு தடவை பாருங்க.

மொட்டைமாடி_வேளச்சேரி:
பார்த்துட்டேன் சார். வேர் வெள்ளையாத்தான் இருக்கு. தண்டைக் குறுக்கே வெட்டினா தோலுக்கு உள்பக்கம் பழுப்பா ஒரு வளையம். டம்ளருக்குப் பின்னாடி கருப்புத் துணி வெச்சேன். ரெண்டு நிமிஷத்தில் மெல்லிசா வெள்ளைப் புகை மாதிரி ஒரு இழை நேரா கீழே இறங்குச்சு, அப்புறம் இன்னொண்ணு. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. மருந்து எதாவது இருக்கா? பக்கத்திலேயே கத்தரி நிக்குது, ரெண்டு பைக்கும் ஒரே தட்டு.

செம்மண்_காரர்:
வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. ட்ரைக்கோடெர்மா பூஞ்சைக்கு, இது தண்டின் நீர்க்குழாய்க்குள் பெருகி அடைக்கிற பாக்டீரியா. ஈரம் இருந்தும் செடிக்குத் தண்ணீர் ஏறாதது அதனால்தான்.

செடியைப் பிடுங்கி உதறாதீங்க, மண் சிதறும். பையோட பெரிய கவரில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துடுங்க, மட்கு உரத்தொட்டியில் போடவே கூடாது. டம்ளர் தண்ணீரைச் செடிகளுக்கு ஊத்தாதீங்க. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற வைங்க. பிளாஸ்டிக் தொட்டிக்கும் இதேதான். கத்தியை ஸ்பிரிட்டால் துடைங்க. இந்த நோய் பெரும்பாலும் வடியும் தண்ணீரிலும் ஒட்டின மண்ணிலும்தான் பயணம் போகும், அதனால் கத்தரியை இன்றைக்கே தள்ளி வையுங்க.

கோவைத்தோட்டம்:
மண்ணை வீணாக்க வேண்டாமே. கண்ணாடி மாதிரி பாலித்தீன் போர்த்தி கோடையில் ஆறு வாரம் வெயிலில் போட்டால் சரியாகும். நான் அப்படித்தான் செய்தேன்.

செம்மண்_காரர்:
அதில் திரும்பத் தக்காளி நட்டீங்களா?

கோவைத்தோட்டம்:
இல்லை, வெங்காயம். நல்லா வந்துது.

செம்மண்_காரர்:
வெங்காயத்துக்கு இது வராது, அதனால் மண் சுத்தமாச்சுன்னு சொல்ல முடியாது. வெயில் குறைக்கும், முழுசா ஒழிக்கும்னு நான் நம்ப மாட்டேன். ஒரு பை மண்ணுக்காகத் தக்காளி, கத்தரி, மிளகாயைப் பணயம் வைக்க வேண்டாம். அடுத்த தடவை புது மண்ணில், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் விதை போட்டுப் பாருங்க, இந்த வாடலைத் தாங்கும்னே வெளியிட்ட ரகம். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி தாங்கும்னு சொல்ல முடியாது. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டின தக்காளி நாற்று கிடைச்சால் இன்னும் நல்லது.

மொட்டைமாடி_வேளச்சேரி:
பையைக் கட்டிக் கொடுத்தாச்சு. கத்தரியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனித் தட்டில் வெச்சிருக்கேன். இன்னைக்கு மதியம் அதில் ஒரே ஒரு கிளை லேசாத் தொங்கின மாதிரி இருந்துச்சு, ஆறு மணிக்கு நிமிர்ந்துடுச்சு. நாளைக்கு மதியம் பார்த்துட்டுச் சொல்றேன்.