பழைய சிம்மை நிறுத்தும் முன் விட்டுப்போன கணக்குகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். வேறு நிறுவனத்தின் இ-சிம்முக்குப் புது எண்ணோடு மாறுகிறேன். பழைய எண் இன்னும் வேலை செய்கிறது. பல கணக்குகளில் எண்ணை மாற்றவே பழைய எண்ணுக்கு ஓடிபி வருவதால், அதை இப்போதைக்கு நிறுத்தவில்லை.

முதலில் ஜிமெயிலை மாற்றினேன், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்க அதுதானே வழி. அதில் மீட்பு எண் ஓரிடம், இரண்டு கட்டச் சரிபார்ப்பு எண் வேறிடம். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது, இரண்டாவதைத் தவறவிட இருந்தேன். மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை கூகுள் பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பக்கூடும். அப்புறம் வங்கி, வாட்ஸ்அப் இரண்டும் முடிந்தன.

மீதியைப் பிடிக்க, பழைய குறுஞ்செய்திகளில் 'OTP', 'code' என்று தேடினேன். மறந்தே போன ஒரு காப்பீட்டுக் கணக்கு சிக்கியது! ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்திகளை அழித்துவிட்டேன். அந்தக் காலத்துக் கணக்குகளை வேறு எப்படித் தேடலாம்? மின்னஞ்சலில் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள்? பழைய சிம்மை எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள்?