மீட்புக் காலத்தைப் பார்த்துத் தள்ளிவிட்ட திட்டங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நீரேற்று நிலையப் பொறியாளர்
எங்கள் குழுவின் முன் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்றுக்குத்தான் நிதி இருந்தது. இரண்டுக்கும் முதலீடு 1000 அலகுகள். பம்புகளின் உட்பாகங்களைப் புதுப்பித்தால் 4 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 340 மிச்சமாகும். பிரதான குழாயை அகலமான விட்டத்திற்கு மாற்றினால் உராய்வு குறைந்து, மின்செலவில் ஆண்டுக்கு 160 வீதம் 25 ஆண்டுகள் மிச்சமாகும். பம்புத் திட்டம் 3 ஆண்டுகளுக்குள் முதலை மீட்கிறது, குழாய்க்கு ஆறேகால் ஆண்டு ஆகிறது என்று சொல்லிக் குழாயை நிராகரித்தார்கள். அது சரியான முடிவு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கணக்குப் பிரிவு ஊழியர்
சாதாரண மீட்புக் காலம் பணத்தின் கால மதிப்பைப் பார்ப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. வருங்கால வரவுகளை ஆண்டுக்கு 10% வீதத்தில் தள்ளுபடி செய்து, அதாவது இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்திருந்தால் குழப்பம் தீர்ந்திருக்கும்.

திட்ட மதிப்பீட்டாளர்
தீர்ந்திருக்காது, இன்னும் மோசமாகியிருக்கும். 10% வீதத்தில் பம்புத் திட்டம் ஏறத்தாழ 3.7 ஆண்டுகளிலும் குழாய்த் திட்டம் 10.3 ஆண்டுகளிலும் முதலை மீட்கின்றன, ஆகவே இடைவெளி விரிகிறது. ஆனால் தள்ளுபடி செய்த வரவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைக்கும் நிகர நிகழ்கால மதிப்பு பம்புக்கு 78, குழாய்க்கு 452. காரணத்தைக் கவனியுங்கள்: தள்ளுபடி செய்த வரவுகள் முதலீட்டைச் சரியாக ஈடுகட்டும் நாளில் நிகர மதிப்பு சுழியம், திட்டம் உருவாக்கும் மதிப்பு முழுவதும் அந்த நாளுக்குப் பிறகே வருகிறது, அந்தப் பகுதியைத்தான் மீட்புக் காலம் என்ற அளவுகோல் பார்க்காமல் விட்டுவிடுகிறது. ஆயுள் வேறுபடுவதால், நிகர மதிப்பை அதே 10% வீதத்தில் ஆயுள் முழுவதற்குமான சம ஆண்டுத் தொகையாக மாற்றும் ஆண்டுச் சமமதிப்பையும் பார்த்தேன்: பம்புக்குச் சுமார் 25, குழாய்க்கு 50. பம்பை மீண்டும் மீண்டும் புதுப்பித்தாலும் குழாயே முன்னிற்கிறது.

கல்குவாரி மேலாளர்
எங்களுக்கு இதன் மறுபக்கம் நேர்ந்தது. முதலீடு 1000, ஆண்டு வரவு 250, ஆயுள் 6 ஆண்டுகள். தள்ளுபடி செய்தும் ஐந்தரை ஆண்டுக்குள் முதல் மீண்டதால் ஒப்புதல் கிடைத்தது. ஏழாம் ஆண்டில் நிலத்தைச் சீரமைக்க 200 செலவாகும் என்பது மீட்புக் கணக்குக்குள் வரவேயில்லை. அதையும் சேர்த்தால் நிகர மதிப்பு சுமார் 14 நட்டம். உங்கள் குழாய்க்கும் இறுதியில் அகற்றும் செலவு உண்டா?

நீரேற்று நிலையப் பொறியாளர்
பழைய குழாயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவோம் என்பதால் பெரிய செலவு இல்லை. ஆனால் 15 ஆண்டுகளுக்குப் பிறகு நீர்த் தேவை எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் எனக் குழுத் தலைவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

திட்ட மதிப்பீட்டாளர்
அந்த ஐயம் நியாயமானது. அதையும் வரவுக் கணக்கிலேயே வைத்துப் பார்க்கலாம். 15 ஆண்டுகளோடு மிச்சம் நின்றுவிட்டாலும் குழாயின் நிகர மதிப்பு 217 இருக்கும். 10 ஆண்டுகளோடு நின்றால் நட்டம்.

கணக்குப் பிரிவு ஊழியர்
அப்படியானால் 10.3 என்ற எண்ணுக்கும் ஒரு பயன் இருக்கிறது. கையிருப்பு குறைவான நிறுவனம் அந்தப் 10 ஆண்டுகளைத் தாங்குமா என்பதை நிகர மதிப்பு மட்டும் சொல்லுமா? எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.