லினன் துணி: ஒரு மீட்டரின் உண்மையான அடக்கவிலை என்ன?

வணக்கம். மும்பை தாராவியில் சட்டை தைக்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். முதல்முறையாக 1,000 மீட்டர் லினன் துணி இறக்குமதி செய்தோம். விலை குறிப்பதில் உங்கள் உதவி வேண்டும்.

துணி, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 5,350 டாலர். சுங்கத்துறை தன் அறிவிப்பு விகிதமான 86 ரூபாயில் மதிப்பிட்டது. அதன்படி சுங்க வரியும் கூடுதல் வரியுமாக 50,600 ரூபாய் கட்டினோம். ஆனால் பணம் அனுப்பிய நாளில் வங்கி 88 போட்டதால் 4,70,800 ரூபாய் போனது. நவசேவா துறைமுகச் செலவு, ஏஜென்ட் கட்டணம், லாரி வாடகை 18,600. ஐ.ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைப்பதால் சேர்க்கவில்லை. மொத்தம் 5,40,000, அதாவது மீட்டர் 540 ரூபாய்.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. ஒரு மீட்டர் வெட்டித் துவைத்துக் காயவைத்தால் 94 சென்டிமீட்டர்தான் இருந்தது. மீதியில் கறை, நெசவுக் குறை என்று 4 சதவீதம் கழிந்தது. தைக்கக் கிடைத்தது 902 மீட்டர். 540-உடன் 10 சதவீதம் கூட்டி 594 என்று விலை சொல்லிவிட்டேன். மொத்தச் செலவை 902-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 599 வருகிறது. மீட்டருக்கு 5 ரூபாய் கைநட்டம்.

என் கேள்வி இரண்டு. சுருக்கத்தை ஒரே ரோலில்தான் பார்த்தேன். நீங்கள் எத்தனை ரோலில் துவைத்துப் பார்ப்பீர்கள்? டாலருக்குக் கூடிய அந்த 2 ரூபாயை அடக்கவிலையில் சேர்ப்பீர்களா, தனிச் செலவாக எழுதுவீர்களா? அடுத்த ஆர்டருக்கு இந்த வாரமே விலை சொல்ல வேண்டும்.