ஏரிக்குள் ஆள் குடியிருப்பதாகக் காட்டும் புள்ளி வரைபடம்: இடுக்கி, தேனி எல்லை. உதவி வேண்டும்

குமுளி டீச்சர்
வணக்கம். பீர்மேடு தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பறைச் சுவரில் ஒட்ட இடுக்கியையும் தேனியையும் சேர்த்து ஒரு மக்கள்தொகை வரைபடம் செய்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கம்பத்திலும் கூடலூரிலும் சொந்தம் இருப்பதால் எல்லையோடு நிறுத்த மனமில்லை.

முதலில் தாலுகாவாரியாக வண்ணம் போட்டேன். 2011 கணக்கில் இடுக்கிக்கு 11,08,974 பேர், சதுர கிலோமீட்டருக்கு 255. அதனால் தேனியை விட இடுக்கி வெளுத்துப் போய்த் தெரிந்தது. எஸ்டேட் லயத்திலிருந்து வரும் ஒரு பெண், "டீச்சர், நம்ம பக்கம் ஆளே இல்லையா?" என்று கேட்டாள். எங்கள் லயத்தில் ஒரு வரிசையில் எத்தனை வீடு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி என்று கிராமவாரியாகப் புள்ளி போட்டேன். ஒரு புள்ளிக்கு 100 பேர். QGIS மென்பொருளில் `Random points in polygons`, எண்ணிக்கைக்கு இந்த வரி, `TOT_P` என்பது கிராமத்தின் மொத்த மக்கள்:

```
round("TOT_P" / 100)
```

இப்போது இரண்டு சிக்கல். தேக்கடி ஏரிக்குள்ளும் இடுக்கி அணைத் தண்ணீருக்குள்ளும் புள்ளிகள் விழுகின்றன. அடுத்தது, மாநில எல்லைக் கோட்டை நான் வரையவே இல்லை, ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிகிறது. தேனிப் பக்கம் புள்ளிகள் கொத்துக் கொத்தாக, கேரளப் பக்கம் தூவிவிட்டது போல. இதில் எதை நம்புவது?

நகரிக்காரன்
எனக்கும் இதே எல்லைப் பிரச்சினை வந்தது மேடம். நான் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் ஆந்திராவில் 13 மாவட்டம் 26 ஆனது. நான் 2011 எண்ணிக்கையைப் புதிய எல்லைக் கோப்போடு சேர்த்துவிட்டேன். பழைய சித்தூரின் முழு மக்களும் புதிய சின்ன சித்தூருக்குள் வந்து உட்கார்ந்து, அது மட்டும் கருஞ்சிவப்பாக எரிந்தது. மண்டலவாரியாக எடுத்துப் புதிய மாவட்டத்துக்குக் கூட்டியதும் சரியானது. உங்களுக்கும் எல்லைக் கோப்பு பழசா புதுசா என்று பாருங்கள்.

குமுளி டீச்சர்
நன்றி தம்பி. பார்த்துவிட்டேன், இரண்டும் 2011-தான். இடுக்கி தாலுகா 2013-ல் வந்தது, என் கோப்பில் அது இல்லை. பழைய நான்கு தாலுகாக்கள்தான். என் சிக்கல் வேறு.

மேகமலை மணி
டீச்சர், மக்கள்தொகைக்கு வண்ண வரைபடம் ஆகவே ஆகாது. பெரிய பரப்பு கண்ணை இழுத்துக்கொள்ளும். புள்ளிதான் உண்மை பேசும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காடு, தண்ணீர் லேயரை எடுத்துக் கிராம பாலிகனிலிருந்து `Difference` போட்டு வெட்டுங்கள். மிச்சத்தில் புள்ளி போடுங்கள். முடிந்தது.

கணவாய்க்காற்று
மணி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தண்ணீரை வெட்டுவது சரி, யோசிக்காமல் செய்யலாம். காட்டை அப்படி வெட்டாதீர்கள். நான் அட்டப்பாடியில் நீர்ப்பிடிப்பு வரைபட வேலை பார்த்தபோது கற்றது இது.

இடுக்கியில் ஏலமலைக் காப்பு நிலம் பல லேயர்களில் காடு என்றே குறிக்கப்பட்டிருக்கும். அதை வெட்டினால் உடும்பஞ்சோலைத் தாலுகாவில் பெரும்பகுதி காலியாகிவிடும். அங்கே ஏலத்தோட்டத்துக்குள் குடியிருப்பவர்கள் எல்லாம் மிச்சமிருக்கும் சின்னத் துண்டில் போய் நெருக்கியடித்து நிற்பார்கள். இன்னொன்று இடமலக்குடி. முதுவான் மக்களின் ஊர்கள், கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து, முழுக்கக் காட்டுக்குள். காட்டில் புள்ளி கூடாது என்று விதி போட்டால் அவர்களை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏரிக்குள் விழுந்த புள்ளியைப் பார்த்தவுடனே யாரும் சிரிப்பார்கள், அதனால் அந்தத் தவறு திருந்திவிடும். இல்லாமல் போன ஊரை ஊர்க்காரரைத் தவிர யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அதனால் தண்ணீர், தேசியப் பூங்காவின் ஆளில்லாப் பகுதி, நெட்டுக்குத்தான பாறைச் சரிவு, இவற்றை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பிறகு `Multipart to singleparts` போட்டுவிடாதீர்கள். ஒரு கிராமம் மூன்று துண்டானால் மூன்றுக்கும் அதே `TOT_P` ஒட்டிக்கொண்டு மக்கள் மூன்று மடங்காகிவிடுவார்கள். கடைசியில் இடுக்கிப் புள்ளிகளை எண்ணுங்கள், 11,090-ஐ ஒட்டி வர வேண்டும்.

வண்ணம் ஆகவே ஆகாது என்பதும் சரியில்லை. தலைகளின் எண்ணிக்கையை வண்ணமாக்கினால்தான் பெரிய தாலுகா சும்மாவே கருக்கும். டீச்சர் போட்டது அடர்த்தி, அது முறையான வேலைதான். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கிராமம் 200 சதுர கிலோமீட்டர், 20,000 பேர் என்று வையுங்கள். அடர்த்தி 100, வெளிர் நிறம். அதில் 150 காடும் ஏரியும் என்றால் மக்கள் நிஜத்தில் வாழும் 50-ல் அடர்த்தி 400. லயத்துப் பெண் கேட்டது இந்த 400-ஐப் பற்றி. வரைபடம் பதில் சொன்னது 100-ஐப் பற்றி.

குமுளி டீச்சர்
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் சார். அந்தப் பெண்ணுக்கு நான் "நம்ம மாவட்டம் பெரிசு, அதான்" என்று சொல்லி முடித்திருந்தேன். நாளைக்கு இந்த 200-ஐயும் 150-ஐயும் பலகையில் போட்டுக் காட்டுகிறேன். எல்லைக் கோடு தெரிவது ஏன் என்று சொல்லுங்கள்.

கணவாய்க்காற்று
அதற்கு முக்கியக் காரணம் கிராமத்தின் அளவு. 2011-ல் கேரளம் முழுவதற்கும் கணக்கில் வந்த கிராமங்கள் 1,018. ஊரக மக்கள் சுமார் 1.75 கோடி. ஒரு கிராமத்துக்கு ஏறத்தாழ 17,000 பேர் வருகிறது. தமிழ்நாட்டில் ஊரக மக்கள் சுமார் 3.72 கோடி, கிராமங்களோ ஏறத்தாழ 16,000. ஒன்றுக்கு 2,300 சொச்சம்.

புள்ளி தன் கிராமத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் விழும். தேனியில் கிராமம் சின்னது, அதனால் புள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தாக வேண்டும். இடுக்கியில் கிராமம் பெரியது, பத்துக் கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் மென்பொருளுக்கு அது சரிதான். ஆக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குடியிருந்தால்கூட உங்கள் படத்தில் எல்லை தெரியத்தான் செய்யும்.

சோதித்துப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டாவது முறை இடம் மாறும் கொத்து எதுவோ அது தற்செயல், ஊர் அல்ல. மாறாமல் நிற்பதை நம்பலாம். இரண்டு, தேனிக் கிராமங்களை ஏழெட்டாகச் சேர்த்துக் கேரளக் கிராமத்தின் அளவுக்குக் கொண்டுவந்து அதில் புள்ளி போடுங்கள். சேர்க்க `Aggregate` எடுத்து `TOT_P`-க்கு `sum` கொடுங்கள். `Dissolve` வேண்டாம், அது முதல் கிராமத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும்.

மேகமலை மணி
காடு விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லை விஷயத்தில் நான் விடமாட்டேன் சார். கம்பம் பள்ளத்தாக்கில் வயல் தனி, ஊர் தனி. ஊருக்குள் சுவரோடு சுவர் ஒட்டி வீடு. மலை ஏறிக் குமுளி தாண்டினால் அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் வீடு. எங்கள் அத்தை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் அரை ஏக்கர் மிளகு. தூவினது போல இருப்பது நிஜமும்தான்.

குமுளி டீச்சர்
இரண்டையும் செய்து பார்த்தேன். மறுபடி போட்டபோது சின்னமனூர், கம்பம், போடிக் கொத்துகள் அசையவில்லை. கேரளப் பக்கம் நான் "இது ஒரு ஊர்" என்று நினைத்திருந்த மூன்று கொத்துகள் காணாமல் போய் வேறு இடத்தில் புதிதாக இரண்டு வந்தன. பிள்ளைகளிடம் அவற்றுக்குப் பேர் சொல்லிக் கொடுக்காமல் தப்பித்தேன்.

தேனிக் கிராமங்களைச் சேர்த்ததும் எல்லை மங்கியது. பள்ளத்தாக்கில் இருந்த புள்ளிகள் மலைச் சரிவில் ஏறி, தேனியும் தூவினது போல ஆனது. ஆனால் எல்லை முழுதாகப் போகவில்லை. மணி தம்பி சொன்ன வித்தியாசம் அதில் மிச்சமிருக்கிறதா, இல்லை நான் சேர்த்த அளவு போதவில்லையா?

கணவாய்க்காற்று
இந்தப் படத்தை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. மணி சொல்லும் வித்தியாசம் உண்மை, நானும் கண்ணால் பார்த்தது. ஆனால் அதில் எவ்வளவு உங்கள் படத்தில் தெரிகிறது என்பதற்குக் கேரளப் பக்கம் கிராமத்தை விடச் சின்ன அலகு வேண்டும். வார்டு எல்லை கிடைத்தால் பார்க்கலாம். இல்லையென்றால் செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைக் குறித்து அவற்றின் மேல் புள்ளியைக் கட்டிப்போடலாம். ஆனால் ஏலத்தோட்டத்தில் மர நிழல் கூரையை மூடும், அங்கே மறுபடி ஆள் குறைவாகத் தெரியும்.

குமுளி டீச்சர்
சுவருக்குத் தண்ணீரை வெட்டிய புள்ளிப் படத்தையே போடுகிறேன். கீழே "ஒரு புள்ளி 100 பேர், ஒரு வீடு அல்ல. புள்ளி அந்தக் கிராமத்துக்குள் எங்கோ இருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். கிராம எல்லையையும் மெல்லிய சாம்பல் கோட்டில் விட்டிருக்கிறேன், எதற்குள் தூவப்பட்டது என்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

இன்னொரு கேள்வி. தமிழ் பேசுவோரையும் இதே போலப் புள்ளியாகக் காட்டச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். தமிழுக்கு ஒரு நிறம், மலையாளத்துக்கு ஒரு நிறம்.

கணவாய்க்காற்று
அதற்குப் புள்ளி வேண்டாம் டீச்சர். மொழிக் கணக்கு தாலுகா மட்டத்தில்தான் கிடைக்கும். தேவிகுளம் தாலுகாவின் தமிழர்களைத் தாலுகா முழுக்கத் தூவினால், மூணாறு எஸ்டேட்டில் இருப்பவர் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் போய் நிற்பார். இரண்டு நிறம் போட்டால் எந்த லேயர் மேலே இருக்கிறதோ அந்த மொழி கூடுதலாகத் தெரியும், அது இன்னொரு வம்பு. நூற்றுக்கு எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று தாலுகாவுக்கு ஒரு வண்ணம் போடுங்கள். கேள்வி விகிதம் பற்றியது என்றால் வண்ணம்தான் சரியான கருவி. ஒவ்வொரு தாலுகாவின் மேலும் அதன் மொத்த மக்கள்தொகையை எண்ணாக எழுதிவிடுங்கள், பரப்பு பெரிது என்பதால் ஆளும் அதிகம் என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

நகரிக்காரன்
சார், சத்தியவேடு, நகரிப் பக்கம் எனக்கும் தமிழ் விகிதம் வேண்டும். மண்டலவாரியாக மொழிக் கணக்கு எடுத்துப் புதிய மாவட்டத்துக்கு விகிதத்தைச் சராசரி எடுத்தால் போதுமா?

கணவாய்க்காற்று
போதாது தம்பி. விகிதங்களைச் சராசரி எடுத்தால் சின்ன மண்டலமும் பெரிய மண்டலமும் ஒரே எடை ஆகிவிடும். தமிழ் பேசுவோரைத் தனியாகக் கூட்டு, மொத்த மக்களைத் தனியாகக் கூட்டு, அப்புறம் வகு.