டூஸ்ல ஓடுற பாத்திரம், கேமரா கூட ஓடினா நடுங்குது: உங்களுக்கு நடந்திருக்கா?

சுண்டெலி: பிளெண்டர்ல ஒரு ஓட்டக் காட்சி, நொடிக்கு 24 ஃபிரேம். பாத்திரத்தோட எல்லா கர்வுக்கும் Stepped Interpolation மாடிஃபையர் போட்டு Step Size 2 வச்சேன், அதாவது ஒவ்வொரு போஸும் ரெண்டு ஃபிரேம் நிக்கிற டூஸ். கேமரா நின்ன இடத்துல இருந்தவரைக்கும் கையால வரைஞ்ச மாதிரியே இருந்துச்சு. கேமராவைக் கூடவே ஓடவிட்டதும் ஆளே நடுங்க ஆரம்பிச்சுட்டான். மூணு நாள் ரிக்லதான் கோளாறுன்னு தேடினேன்.

கரிக்கோல்: கேமராவையும் டூஸ்ல வைங்க, முடிஞ்சது.

மைத்துளி: நடுக்கம் நிக்கும், சரிதான். ஆனா பின்னணியும் நொடிக்கு 12 தடவை குதிக்கும். மெதுவான காட்சின்னா தெரியாது, ஓட்டத்துல கண்ணை உறுத்தும்.

சுண்டெலி, கோளாறு ரிக்ல இல்லை. ஆள் ஃபிரேமுக்கு 10 செ.மீ. போகணும்னு வைங்க. டூஸ்ல அவன் ஒரு ஃபிரேம் நின்னு, அடுத்ததுல 20 செ.மீ. தாவுறான். கேமரா மட்டும் விடாம பத்துப் பத்தா போகுது. அதனால திரையில அவன் 10 செ.மீ. பின்னால போய், உடனே பழைய இடத்துக்கே வர்றான். நீங்க பார்த்த நடுக்கம் அதுதான். வரைஞ்ச அனிமேல இந்த மாதிரிக் காட்சிக்கு ஓவியம் திரையில ஒரே இடத்துல இருக்கும், பின்னணிதான் ஒவ்வொரு ஃபிரேமும் நகரும். நானும் அதையேதான் செய்யுறேன். ரூட் எலும்போட இடப்பெயர்ச்சிக் கர்வுல மட்டும் மாடிஃபையரை எடுத்துட்டு அதை ஒன்ஸ்ல ஓடவிடுவேன். இடுப்போட ஏற்ற இறக்கம், கை, தலை எல்லாம் டூஸ்லயே இருக்கும்.

வால்நட்சத்திரம்: எனக்கும் நடுக்கம்தான், ஆனா முடியில. சிமுலேஷன் ஒவ்வொரு ஃபிரேமும் அசைய, முகம் மட்டும் நின்னு நின்னு போச்சு. எலும்புக்கு பேக் பண்ணி, அந்தக் கீகளுக்கும் அதே மாடிஃபையரைப் போட்டப்புறம்தான் முடி முகத்தோட ஒட்டுச்சு.

சுண்டெலி: மைத்துளி அக்கா, ரூட்டை மாத்தினேன், நடுக்கம் போயிடுச்சு! ஆனா 37-வது ஃபிரேம்ல கால் ஓங்கி விழுற போஸ் திரையில வரவே இல்லை. கீ அங்கேதான் இருக்கு.

மைத்துளி: Offset 0-ல இருந்தா மாடிஃபையர் 36, 38-னு இரட்டைப்படை ஃபிரேமைத்தான் எடுக்கும். 37 அது கண்ணுலயே படாது. Offset 1 வைங்க. எல்லா முக்கிய போஸும் ஒற்றைப்படையில இருக்கான்னும் பாருங்க.

சுண்டெலி: வந்துடுச்சு. இப்போ ஊன்றின பாதம் வழுக்குது.

மைத்துளி: அதுக்கு முழுத் தீர்வு என்கிட்ட இல்லை. பாதத்தோட ஐகே ரூட்டுக்குக் கீழே இருந்தா அதோட சேர்ந்து 10 செ.மீ. நகர்ந்து திரும்பும். வெளியே எடுத்தா பாதம் நிக்கும், ஆனா முழங்கால் ஒவ்வொரு ஃபிரேமும் மடங்கி, காலு மட்டும் ஒன்ஸ் ஆகிடும். நான் பெரும்பாலும் இடுப்புக்கு மேல மட்டும் தெரியுற மாதிரி காட்சியை வெட்டிடுறேன்.

கரிக்கோல்: முழு உருவம் தெரியணும்னா நான் இன்னமும் கேமராவை டூஸ்லதான் வைப்பேன். பின்னணி குதிச்சாலும் பாதம் தரையில நிக்குது.